பழைய லாரி வாங்கும்போது: புது எஃப்.சி.யைப் பார்த்து மயங்காதீர்கள்

முதல் லாரியைப் பழையதாக வாங்கித் தொழிலுக்கு வருகிறவர்கள் ஒரே பள்ளத்தில் மாறி மாறி விழுவதைப் பார்க்கிறேன். டயர் தேய்ந்திருக்கிறதா, ஆர்.சி.யில் இருப்பவர்தான் விற்கிறாரா என்பதை எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

புது எஃப்.சி.க்குக் கூடுதல் விலை கொடுப்பது

"போன வாரம்தான் எஃப்.சி. எடுத்தது, இரண்டு வருடத்துக்குக் கவலையில்லை" என்று புரோக்கர் சொன்னதும் வாங்க வந்தவர் பேரத்தைத் தளர்த்திவிடுகிறார். இத்தனை ஆண்டுகள் கழித்தும் எனக்கு எரிச்சலூட்டும் வாக்கியம் இதுதான். முதலில், அந்த இரண்டு வருடமே பல நேரங்களில் பொய். பதிவாகி எட்டு ஆண்டு வரைதான் சரக்கு வாகனத்துக்கு இரண்டு ஆண்டு எஃப்.சி. கிடைக்கும். அதைத் தாண்டினால் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். நாம் வாங்கும் பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டாம் வகை.

அடுத்தது, எஃப்.சி. என்ன சொல்கிறது என்பது. பிரேக், விளக்கு, ஒளிரும் பட்டை, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, புகை போன்றவை சோதனை நாளில் விதிப்படி இருந்தன என்று அது சொல்கிறது. ஹப்பை யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. இரவல் டயர்களோடு சோதனைக்குப் போய், வந்ததும் பழைய டயர்களை மாட்டிக்கொள்ளும் வண்டிகளும் உண்டு.

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் பெயின்ட். எஃப்.சி.க்கு முன்பு சேசிஸ் முழுவதும் கறுப்பு அடிப்பது வழக்கம். வாங்குபவர் கண்ணில் படவேண்டிய தடயங்கள் அத்தனையும் அந்தக் கறுப்புக்கு அடியில் போய்விடுகின்றன. புது எஃப்.சி. எடுத்த வண்டியை, எஃப்.சி. முடியப்போகும் வண்டியைவிடக் கூர்மையாகப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

நாமக்கல் பக்கத்தில் ஓர் இளைஞர் அப்படித்தான் ஓர் ஆறு சக்கர லாரியை வாங்கினார். பார்க்கப் புத்தம் புதிதாக இருந்தது. சில வாரங்களில் முன் டயர்கள் இரண்டும் ஓரத்தில் தேயத் தொடங்கின. அலைன்மென்ட் பார்த்தார், சில நாளில் மறுபடியும் அதே தேய்மானம். புது டயர் போட்டார், அதுவும் தேய்ந்தது. என்னிடம் கொண்டுவந்தபோது, வண்டியை நேர் சாலையில் ஓட்டச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தேன். முன் சக்கரங்களின் தடத்தில் பின் சக்கரங்கள் வரவில்லை, வண்டி சற்றே பக்கவாட்டில் நகர்ந்தபடி போனது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தால்தான் நேராகப் போகும் நிலை.

டேப் எடுத்து அளந்தோம். பின்பக்க ஸ்பிரிங்கின் முன் முனையைப் பிடித்திருக்கும் இரும்புப் பின்னிலிருந்து ஆக்சிலின் மையம் வரை வலது பக்கம் ஓர் அளவு, இடது பக்கம் அதைவிட ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் கூடுதல். இரண்டும் சமமாக இருக்க வேண்டியவை. யூ போல்ட்டைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. ஸ்பிரிங் பட்டைகளைப் பிடித்திருக்கும் சென்டர் போல்ட் எப்போதோ அறுந்துவிட்டிருந்தது. அதிக பாரத்தில் யூ போல்ட் தளர்ந்திருக்க, ஆக்சில் பட்டையின் மேல் மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்திருக்கிறது. போல்ட்டின் தலை உட்காரும் குழியும் தேய்ந்து நீளமாகிவிட்டது. பட்டைக்கும் ஆக்சிலுக்கும் இடையில் துருப்பொடியும் பளபளத்த உராய்வுத் தடமும் வெளியே தெரிந்திருக்க வேண்டும். பெயின்ட் அதை மூடிவிட்டது. டேப் வைத்து அளக்கச் சில நிமிடங்கள் போதும். அதை வாங்கும் முன்பே செய்திருந்தால், ஒரு ஜோடி டயரும் லோடு இல்லாமல் நின்ற நாட்களும் மிச்சமாகியிருக்கும்.

அளக்க வண்டிக்கு அடியில் படுக்கும்போதே ஸ்பிரிங் பிராக்கெட்டுகளைச் சுற்றியும் குறுக்குச் சட்டங்கள் சேரும் இடங்களிலும் சேசிஸின் உட்பக்கத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். வெல்டிங் தடம் தென்பட்டால் அந்த இடத்தில் ஒருமுறை விரிசல் விட்டிருக்கிறது என்று பொருள். விற்பவர் தேய்க்க விடவில்லையென்றால் கிளம்பிவிடுங்கள்.

முன் ஆக்சிலை ஜாக்கி போடாமல் பார்ப்பது

தரையில் நிற்கும் சக்கரத்தை உதைத்துப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியை ஆக்சிலுக்கு அடியில் கொடுத்துச் சக்கரத்தைத் தூக்குங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், அது பேரிங்கா, கிங் பின்னா என்று பிரித்தறிய வேண்டும். டேங்கில் காற்று நிரம்பியிருக்கும்போது ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுபோனால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் அல்லது புஷ். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் வந்தால் டை ராடு முனைகளைப் பாருங்கள்.

கிங் பின்னில் அப்போதுதான் கிரீஸ் ஏற்றியிருந்தால் ஆட்டம் கொஞ்சம் அடங்கித் தெரியும். ஆகவே வண்டியை ஓட்டிவிட்டு வந்து இதைச் செய்யுங்கள், முடிந்தால் லோடோடு. கிங் பின் தேய்மானம் சரிசெய்யக்கூடிய செலவு, விலையில் கழித்துக்கொள்ளலாம். ஆக்சிலே வளைந்திருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

பெர்மிட்டும் வண்டியோடு வரும் என்று நினைப்பது

வராது. பெர்மிட் அதை எடுத்த பழைய உரிமையாளர் பெயரில் இருக்கிறது. போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியோடு மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது அவர் ஒப்படைத்தபின் நீங்கள் புதிதாக எடுக்க வேண்டும். "என் பெர்மிட்டிலேயே கொஞ்ச நாள் ஓட்டிக்கொள்ளுங்கள்" என்ற தாராளத்தை ஏற்காதீர்கள். செல்லத்தக்க பெர்மிட் இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடமே திரும்ப வசூலிக்கலாம் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

வயதையும் கணக்கில் வையுங்கள். இரண்டு ஆக்சில் லாரிக்கு 12 ஆண்டு, அதற்கு மேற்பட்ட ஆக்சில் உள்ளதற்கு 15 ஆண்டு. அதற்குப் பிறகு நேஷனல் பெர்மிட் கிடையாது. பத்தரை ஆண்டு ஓடிய ஆறு சக்கர லாரியை வெளிமாநில லோடுக்கு வாங்கினால், அந்த வருமானம் உங்களுக்கு ஒன்றரை ஆண்டுதான். கடன் தவணையை நான்கு ஆண்டுக்குப் போட்டுவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. உள்ளூர் மணல், செங்கல் நடைக்கு அதே வண்டி சரியாக இருக்கலாம். ஆனால் வெளிமாநில வண்டிக்கான விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

சூடான என்ஜினைச் சோதிப்பது

நீங்கள் போகும்போது என்ஜின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், அல்லது பானெட்டில் சூடு தெரிந்தால், மறுநாள் காலையில் சொல்லாமல் போங்கள். குளிர்ந்த நிலையில் எப்படிப் பிடிக்கிறது என்பதில்தான் பாதி உண்மை இருக்கிறது. சூடேறியபின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை விட்டுவிட்டுப் பீறிட்டு வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது லைனர் தேய்ந்திருக்கிறது. சைலன்சரில் வரும் நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். மூடியின் உட்புறம் பால் கலந்த காபி நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. நன்றாகச் சூடேறிய பிறகு ஐட்லிங்கில் ஆயில் பிரஷர் முள் எங்கே நிற்கிறது என்பதையும் பாருங்கள். குளிரில் எல்லா வண்டியிலும் அது நன்றாகத்தான் நிற்கும்.

ஓடோமீட்டரை நம்பி விலை பேசுவது

வேண்டாம்.

நிதி நிறுவனப் பிடிமானம்

ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால், நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35-உம் தடையின்மைச் சான்றும் கைக்கு வரும்வரை முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

நிலுவை வரி, சலான்

முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பரிவாகன் தளத்தில் பாருங்கள். கொடுத்த பிறகு பார்த்தால் அதைக் கட்டப்போவது நீங்கள்தான்.