பிளாக்வொர்க்ல ஷேடிங் ஏன் திட்டுத்திட்டா வருது? அடிக்கடி நடக்கிற தப்புங்க

பிளாக்வொர்க் எம்ப்ராய்டரி பண்றவங்க ஒரு ஆப்பிளோ பேரிக்காயோ எடுத்து ஷேடிங் ட்ரை பண்ணா, பாதிப் பேருக்கு கடைசில வர்றது அஞ்சாறு டிசைன் ஒட்டுப்போட்ட மாதிரி ஒண்ணுதான், பழம் உருண்டையா தெரியவே தெரியாது. கை சுத்தமா இருக்கும், எண்ணிக்கையும் சரியா இருக்கும், ஆனாலும் தட்டையா இருக்கும். காரணம் பெரும்பாலும் தையல் இல்ல, பேட்டர்ன எடுத்த விதம்.

முதல்ல ஒரு விஷயம். இதுல சாம்பல் கலர்னு ஒண்ணு கிடையாது, கறுப்பு நூல் இருக்கு, வெள்ளைத் துணி இருக்கு, அவ்ளோதான். பழைய நியூஸ்பேப்பர் போட்டோல புள்ளி நெருங்கினா இருட்டு, விலகினா வெளிச்சம்னு தெரியுமே, அதே கதைதான் இங்கயும். அதனால ஒரு ஃபில் பேட்டர்ன் அழகா இருக்கா இல்லையாங்கறது அப்புறம், அதுக்குள்ள எவ்ளோ வெள்ளை மிஞ்சுதுன்னுதான் மொதல்ல பாக்கணும்.

இங்கதான் பெரிய தப்பு நடக்குது. இருட்டுக்கு ஒரு நட்சத்திரம், நடுவுக்கு ஒரு தேன்கூடு, வெளிச்சத்துக்கு ஒரு பூன்னு சம்பந்தமே இல்லாத பேட்டர்னுங்கள எடுத்து பக்கத்துல பக்கத்துல வைக்கிறாங்க, கண்ணு போய் பேட்டர்ன் மாறுற கோட்டுல நிக்குமே தவிர நிழல் மாறுறத பாக்காது. 16ம் நூற்றாண்டு இங்கிலாந்து பிளாக்வொர்க்ல பூவுக்கு ஒண்ணு இலைக்கு ஒண்ணுன்னு வேற வேற ஃபில் போட்டாங்க, உண்மைதான், ஆனா அங்க ஒவ்வொரு இதழும் தனித்தனி கட்டம், அத சுத்தி அவுட்லைன் இருக்கும். ஒரே பழத்துக்குள்ள வெளிச்சத்துல இருந்து இருட்டுக்கு நழுவிப் போகணும்னா அந்த வழி செட் ஆகாது, ஒரே பேட்டர்ன்ல கொஞ்சம் கொஞ்சமா தையல குறைச்சுக்கிட்டே வரணும்.

ஒரு கணக்கு போட்டு பாப்போம். 28 கவுண்ட் லினன், அதாவது இஞ்சுக்கு 28 இழை, ரெண்டு இழைக்கு ஒரு தையல்னா ஒரு இஞ்சுக்கு 14 தையல். 3 இஞ்ச் ஆப்பிள்னா குறுக்க 42 தையல். நாலு தையலுக்கு நாலு தையல் சதுரக் கட்டம் ஒண்ண அடிப்படையா வெச்சுக்கோங்க, 42க்குள்ள அது பத்து தடவை வந்துடும், போதும். கட்டத்தோட கோடுகள மட்டும் போட்டா ஒரு கட்டத்துக்கு 8 தையல் (பக்கத்துக் கட்டத்தோட கோட்ட பங்கு போட்டுக்கறதால 16 இல்ல, 8). இது நடு டோன். கட்டத்துக்கு நடுவுல ஒரு கூட்டல் குறி போட்டா இன்னும் 4, மொத்தம் 12. அந்தக் கூட்டலோட நாலு நுனியையும் சாய்வா இணைச்சா ஒரு குட்டி டைமண்ட், அதுக்கு 4, மொத்தம் 16, அதுதான் இருட்டு. இந்தப் பக்கம் வெளிச்சத்துக்கு வந்தா, கட்டத்தோட ஒவ்வொரு கோட்டுலயும் நடுவுல இருக்கற ரெண்டு தையல விட்டுடுங்க, மூலைல மட்டும் குட்டிக் கூட்டல் குறிகள் மிஞ்சும், 4 தையல். அதுக்கும் மேல, லைட் நேரா படுற இடம், அங்க ஒண்ணுமே போடாதீங்க, வெறும் துணி. பலருக்கு இந்த வெறும் இடம் விட மனசே வராது, எதையாவது போட்டு ரொப்பிடுவாங்க, பழம் மங்கிப் போய்டும்.

16, 12, 8, 4, அப்புறம் வெறுமை. எல்லாம் ஒரே கட்டத்துல இருந்து வர்றதால எங்க மாறுதுன்னே தெரியாது, ஆனா ஒரு கண்டிஷன், மாறுற எல்லை நேர்கோடா இருக்கக் கூடாது. ஒரு வரிசை முழுக்க டைமண்ட், அடுத்த வரிசை முழுக்க இல்லைன்னு வெச்சா படிக்கட்டு மாதிரி பட்டை விழும். எல்லைல இங்க ஒரு டைமண்ட் பாதியா, அங்க ஒரு கூட்டல் குறி ரெண்டு கையோடன்னு ஒழுங்கில்லாம உதிரணும், அந்த உதிர்ற எல்லையும் பழத்தோட வளைவ ஒட்டியே வரணும்.

இத இருட்டுல இருந்து ஆரம்பிக்காதீங்கன்னு சொல்லுவேன். நடு டோன் கட்டத்த முதல்ல போட்டுட்டு, இருட்டு வேணுங்கற பக்கம் உள்ள சேத்துக்கிட்டே போங்க, வெளிச்சத்துப் பக்கம் தையல போடாம விட்டுக்கிட்டே போங்க. தையல் சேக்கறது சுலபம், ஆனா கறுப்பு நூல பிரிச்சா வெள்ளைத் துணில பஞ்சு மாதிரி கறுப்பு பிசிறு ஒட்டிக்கும், செல்லோடேப் வெச்சு எடுத்தாலும் முழுசா போகாது. இன்னொண்ணு, இருட்ட ஒரு மூலைலயும் வெளிச்சத்த இன்னொரு மூலைலயும் தனித்தனியா ஆரம்பிச்சா, நடுவுல சந்திக்கறப்ப ஒரு இழை நகர்ந்திருந்தாலும் அந்த இடத்துல ஒரு தையல் விட்ட தழும்பு மாதிரி கோடு தெரியும். கலர் தையல் நூல்ல கைட்லைன் ஓட்டி வெச்சுக்கோங்க, ஆனா பழக்கத்துல பத்து தையலுக்கு ஒண்ணுன்னு போடாம எட்டுக்கு ஒண்ணு போடுங்க (16 இழை), அப்பதான் ஒவ்வொரு கைட்லைனும் கட்டத்தோட ஒரே இடத்துல விழும், தப்பு உடனே தெரிஞ்சுடும்.

அடுத்தது நூல் தடிமன். இருட்டு பத்தலன்னு தோணுச்சுன்னா உடனே ரெண்டு ஸ்ட்ராண்ட் எடுக்கறது. நடு டோன்ல ரெண்டு ஸ்ட்ராண்ட் நல்லாவே வேலை செய்யும், ஆனா 16 தையல் இருக்கற நெருக்கமான இடத்துல போட்டா டைமண்டுக்குள்ள இருக்கற குட்டி வெள்ளை அடைஞ்சு போய் மை கொட்டின மாதிரி ஆகிடும், பேட்டர்ன் காணாம போயிடும். வெளிச்சப் பக்கத்துக்கு இதத் திருப்பிப் போட்டா பிரமாதம்: அந்த 4 தையல் குறிகள ஸ்ட்ராண்டட் காட்டனுக்குப் பதிலா மெல்லிசான தையல் மெஷின் நூல்லயோ சில்க்லயோ போட்டா இன்னும் ஒரு படி மங்கும்.

அந்த வெளிச்சப் பக்கத்துலதான் பின்பக்க நூல் மானத்த வாங்கும். குறிக்கும் குறிக்கும் நடுவுல தொடர்ச்சி இல்ல, நூல் பின்னாடி தாண்டித்தான் போகணும், வெள்ளை லினன்ல அது சாம்பல் நிழலா முன்னாடி தெரியும். நாலு இழை தாண்டறது பரவால்ல, ஆனா குறுக்க, சாய்வா, இஷ்டத்துக்கு தாண்டினா திட்டு விழும். எல்லாத்தையும் ஒரே திசைல வரிசை வரிசையா தாண்டுங்க, நிழல் வந்தாலும் சீரா வரும். கட்டக் கோடுகளுக்கு பேக் ஸ்டிச் போடாம, ஒண்ணு விட்டு ஒண்ணு தைச்சுட்டுப் போய் திரும்பி வர்றப்ப இடைவெளிய நிரப்பற டபுள் ரன்னிங் போடச் சொல்றதும் கிட்டத்தட்ட இதுக்குத்தான், பேக் ஸ்டிச்ல பின்னாடி ஓடற நூல் முன்னாடி இருக்கறத விட ரெண்டு மடங்கு, டபுள் ரன்னிங்ல ரெண்டு பக்கமும் ஒண்ணு. (டபுள் ரன்னிங்குக்குத்தான் ஹோல்பைன் ஸ்டிச்னு இன்னொரு பேரு. 16ம் நூற்றாண்டு ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் வரைஞ்ச இங்கிலாந்து ராணி ஜேன் சீமோர் படம் வியன்னா மியூசியத்துல இருக்கு, அவங்க கையோட மணிக்கட்டுத் துணில இருக்கற பிளாக்வொர்க்க ஜூம் பண்ணி பாருங்க.)

அவுட்லைன முதல்லயே தடியா போட்டுட்டு உள்ள நிரப்பறவங்களும் இருக்காங்க. ஃபில் முடியட்டும், அப்புறம் பாருங்க, இருட்டுப் பக்கம் மட்டும் கோடு போட்டு வெளிச்சப் பக்கம் கோடே இல்லாம விட்டாலும் விளிம்பு தானா தெரியும் பல சமயம்.

டோன் சரியான்னு பாக்க, மெயின் துணில கை வைக்கிறதுக்கு முன்னாடி அஞ்சு படியையும் ஒரு இஞ்ச் சதுரமா மிச்சத் துணில போட்டு, போன்ல பிளாக் அண்ட் வைட்ல போட்டோ எடுத்து, அத கட்டைவிரல் நகம் அளவுக்கு சின்னதாக்கிப் பாருங்க. பக்கத்துப் பக்கத்து ரெண்டு சதுரம் ஒரே மாதிரி தெரிஞ்சா அதுல ஒண்ணு வேஸ்ட், தூக்கிடலாம்.