2050 என்ற ஆண்டு மட்டும் போதாது: கார்பன் பட்ஜெட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்பன் டை ஆக்சைடை வெளியிடுவதும் அகற்றுவதும் சமமாகும் நிகர பூஜ்ஜியம் என்ற பேச்சு வந்தாலே முதலில் எழும் கேள்வி, "எந்த ஆண்டுக்குள்?" என்பதுதான். 2050 என்று பதில் வந்தால் பலரும் அத்தோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். பெரிய தவறு இங்கேதான் தொடங்குகிறது. அந்த ஆண்டை எட்டுவதற்குள் மொத்தம் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு காற்றில் சேர்ந்தது என்பதைப் பொறுத்துத்தான் வெப்பம் கூடும்.

ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1,000 ஜிகாடன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறினால் உலகின் சராசரி வெப்பம் சுமார் 0.45 டிகிரி உயரும். ஒரு ஜிகாடன் என்பது 100 கோடி டன். இந்த உறவு ஏறக்குறைய நேர்கோடாக இருப்பதற்குக் காரணம் உண்டு. காற்றில் இந்த வாயு கூடக்கூட, புதிதாகச் சேரும் ஒவ்வொரு டன்னும் வெப்பத்தைப் பிடிக்கும் திறன் சற்றுக் குறைகிறது. ஆனால் கடலும் காடும் மண்ணும் உறிஞ்சும் பங்கும் குறைவதால், காற்றிலேயே தங்கும் பங்கு கூடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகின்றன.

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2020இல் உலக உமிழ்வு ஆண்டுக்குச் சுமார் 40 ஜிகாடன் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் பாதையில் உமிழ்வு அப்போதிருந்தே சீராகக் குறைந்து 2050இல் பூஜ்ஜியமாகிறது. மொத்தம், 40ஐ 30 ஆண்டுகளால் பெருக்கிப் பாதியாக்கினால் 600 ஜிகாடன். இரண்டாவது பாதையில் 2040 வரை எந்தக் குறைப்பும் இல்லை, கடைசிப் பத்து ஆண்டுகளில்தான் சரிந்து பூஜ்ஜியமாகிறது. முதல் 20 ஆண்டுகளில் 800, பிறகு 200, ஆக 1,000 ஜிகாடன். இரண்டுமே 2050இல் நிகர பூஜ்ஜியத்தை அடைகின்றன. ஆனாலும் 400 ஜிகாடன் வித்தியாசத்தால், இரண்டாவது பாதையில் சுமார் 0.18 டிகிரி கூடுதல் வெப்பம் ஏறிவிடுகிறது. ஆகவே ஓர் இலக்கைப் பார்த்தால் அதன் முடிவு ஆண்டைவிட, 2030, 2035 போன்ற இடைக்கட்டங்களில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். அந்த எண்கள் இல்லாத இலக்கிலிருந்து வெப்பத்தைக் கணக்கிடவே முடியாது.

அடுத்த தவறு, கார்பன் பட்ஜெட்டை, அதாவது ஒரு வெப்ப வரம்பைத் தாண்டாமல் இன்னும் வெளியிடக்கூடிய கார்பன் டை ஆக்சைடின் அளவை, ஒரே உறுதியான எண்ணாக எடுத்துக்கொள்வது. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்ட வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த, 2020 தொடக்கத்திலிருந்து 500 ஜிகாடன் மீதம் இருந்ததாக அதே அறிக்கை சொல்கிறது. ஆனால் அது 50 சதவீத வாய்ப்புக்கான எண். 67 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால் 400, 83 சதவீதத்துக்கு 300தான். வாய்ப்பின் அளவைச் சொல்லாமல் பட்ஜெட் எண்ணை மட்டும் சொன்னால் அது அரைத் தகவல். எந்த ஆண்டிலிருந்து எண்ணியது என்பதையும் பார்க்க வேண்டும். பழைய 500ஐ இன்றும் மீதம் இருப்பதாக எழுதுவதை அடிக்கடி காண முடிகிறது.

இந்த 500 எப்படி வந்தது என்று தெரிந்தால் இன்னொரு குழப்பமும் தீரும். 2010-2019 காலத்தில் வெப்பம் ஏற்கெனவே 1.07 டிகிரி உயர்ந்திருந்தது. மீதி 0.43 டிகிரி. அதை அப்படியே 0.45ஆல் வகுத்தால் 950 ஜிகாடனுக்கு மேல் வரும். ஆனால் மீத்தேன் போன்ற மற்ற வாயுக்களாலும், வெயிலைத் தடுக்கும் காற்றுத் தூசு குறைவதாலும் கூடும் வெப்பத்துக்கு அதில் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியிலிருந்து 2020 தொடக்கம் வரை வெளியேறிய கார்பன் டை ஆக்சைடையும் கழிக்கிறார்கள். இவற்றால்தான் பட்ஜெட் கிட்டத்தட்டப் பாதியாகிறது. மீத்தேனை நன்றாகக் குறைத்தால் பட்ஜெட் கொஞ்சம் விரியும், விட்டுவிட்டால் சுருங்கும்.

அப்புறம், நிகர பூஜ்ஜியம் வந்ததும் பூமி குளிர்ந்துவிடும் என்ற எண்ணம். கார்பன் டை ஆக்சைடு வெளியேறும் அளவும், மனித முயற்சியால் அகற்றி நீண்டகாலம் பூட்டிவைக்கும் அளவும் சமமாவதே அதன் நிகர பூஜ்ஜியம். அந்த நிலையில் அந்த வாயுவால் வெப்பம் மேலும் ஏறுவது ஏறக்குறைய நிற்கும். ஏறியது இறங்காது. இறக்க வேண்டுமானால், வெளியிடுவதைவிட அதிகமாக அகற்ற வேண்டும். 0.1 டிகிரி குறைக்கவே சுமார் 220 ஜிகாடன் அகற்ற வேண்டியிருக்கும் என்பதை மேலே சொன்ன விகிதத்திலிருந்தே கணக்கிடலாம்.

எல்லாப் பசுங்குடில் வாயுக்களுக்குமான நிகர பூஜ்ஜியம் இதைவிடக் கடினமானது. நெல் வயல், கால்நடை, உரம் ஆகியவற்றிலிருந்து வரும் உமிழ்வை முழுதாக நிறுத்த முடியாததால், அதை ஈடுகட்டக் கூடுதல் கார்பன் டை ஆக்சைடை அகற்ற வேண்டும். ஒரே ஆண்டைச் சொல்லும் இரண்டு இலக்குகளில் ஒன்று கார்பன் டை ஆக்சைடை மட்டும், மற்றொன்று எல்லா வாயுக்களையும் குறித்தால், அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது.