மழைக்காலத்தில் மூன்று நாள் காய்ச்சல்: டெங்குப் பரிசோதனையை எந்த நாளில், எப்படிச் செய்வது?

ஐப்பசி, கார்த்திகை மழையில் பல்லடம், அவிநாசி, கோபி வட்டாரங்களில் காய்ச்சலும் உடல்வலியும் மூட்டுவலியும் சேர்ந்து வந்தால் அதை உடனே டெங்கு என்றும் சொல்ல முடியாது, சாதாரணக் காய்ச்சல் என்றும் விட்டுவிட முடியாது. எந்தப் பரிசோதனை பயன்படும் என்பது காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்பதைப் பொறுத்தது. ஆகவே முதல் வேலை, காய்ச்சல் தொடங்கிய தேதியையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வைப்பது. தொடங்கிய நாளையே முதல் நாளாகக் கொள்ளுங்கள்.

முதல் இரண்டு நாள்களில் பெரியவர்கள் மருத்துவர் சொன்ன அளவில் பாரசிட்டமால் மட்டும் எடுத்துக்கொண்டு, கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றை அடிக்கடி குடிக்க வேண்டும். மூட்டுவலி தாங்காமல் மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக், ஐபுரூஃபன், ஆஸ்பிரின் வாங்கி விழுங்குவதும், “ஒரு ஊசி போட்டால் விட்டுவிடும்” என்று இடுப்பில் ஊசி போட்டுக்கொள்வதும் நம் பக்கத்தில் வழக்கம். டெங்குவாக இருந்தால் அந்த மாத்திரைகள் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும்; தட்டணுக்கள் குறைந்த நிலையில் தசையில் போடும் ஊசி அந்த இடத்தில் இரத்தத்தைக் கட்டச் செய்யும். நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்கள் குடிக்கலாம். ஆனால் அதைக் குடித்தோம் என்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

மூன்றாம் நாளும் காய்ச்சல் நீடித்தால் அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ செல்லுங்கள். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள் மூன்றாம் நாள் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். முதல் ஐந்து நாள்களுக்குள் என்றால், வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனையே ஏற்றது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு அந்தப் புரதம் குறைந்து, உடல் உருவாக்கும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் தெரியத் தொடங்கும். இரண்டாம் நாளிலேயே ஐ.ஜி.எம். மட்டும் பார்த்து “டெங்கு இல்லை” என்று நிம்மதி அடைபவர்கள் ஏமாறுவது இதனால்தான். பதினைந்து இருபது நிமிடத்தில் முடிவு சொல்லும் அட்டைச் சோதனையைவிட ஆய்வகத்தில் செய்யும் எலைசா முறையே நம்பத்தக்கது. எலைசா முடிவு வரச் சற்றுத் தாமதமாகலாம். சிகிச்சை அதற்காகக் காத்திருப்பதில்லை.

என்.எஸ்.1 எடுக்கும்போதே முழு இரத்த அணு எண்ணிக்கையையும், அதாவது சி.பி.சி.யையும், எடுத்துவிடுங்கள். இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். விசைத்தறிக்குப் போகும் ஒரு பெண்ணுக்குத் திங்கள் மாலை காய்ச்சல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாளான புதனன்று அட்டைச் சோதனையில் என்.எஸ்.1 இல்லை என்று வருகிறது. ஆனால் வெள்ளணுக்கள் 3,400, தட்டணுக்கள் 1,70,000, இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று காட்டும் பி.சி.வி. 38. வெள்ளணுக்கள் குறைந்திருப்பதே ஓர் எச்சரிக்கை. முன்பு ஒருமுறை டெங்கு வந்தவர்களுக்கு என்.எஸ்.1 பொய்யாக ‘இல்லை’ காட்டவும் கூடும். எனவே மருத்துவர் மறுநாளும் எடுக்கச் சொல்கிறார்: தட்டணுக்கள் 1,10,000, பி.சி.வி. 40. வெள்ளியன்று காய்ச்சல் விட்டுவிடுகிறது. வீட்டில் எல்லோரும் மகிழ்கிறார்கள். அன்றைய தாளிலோ தட்டணுக்கள் 68,000, பி.சி.வி. 46.

பலரும் தட்டணுக்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பதறுகிறார்கள். இங்கே அதைவிட முக்கியமானது, பி.சி.வி. 38இலிருந்து 46க்கு ஏறியிருப்பது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்திருப்பதால், இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து வெளியே கசிந்து இரத்தம் கெட்டிப்படுகிறது என்று பொருள். அவர் அன்றே மருத்துவமனையில் சேர வேண்டும். ஐந்தாம் நாளைக் கடந்தபின் எடுக்கும் ஐ.ஜி.எம். எலைசா நோயை உறுதி செய்யும். புதனன்று எடுத்த தாள் இல்லையென்றால் 46 என்ற எண் தனியாக எதையும் தெளிவாகச் சொல்லியிருக்காது. எல்லாத் தாள்களையும் சேர்த்து வைத்திருங்கள்.

மூட்டு வீங்கி, காலையில் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாத அளவுக்கு வலித்தால் சிக்குன்குனியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். வயல் சேற்றில் இறங்கியவருக்குக் கெண்டைக்கால் தசை கடுமையாக வலித்தால் எலிக்காய்ச்சலையும், அக்குளிலோ இடுப்பிலோ சுட்டதுபோன்ற கறுத்த புண் இருந்தால் உண்ணிக்காய்ச்சலையும் மருத்துவரிடம் கேளுங்கள். இவ்விரண்டுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உண்டு என்பதால் தாமதம் கூடாது.

காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஓரிரு நாள்களே டெங்குவில் ஆபத்தானவை. விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுப்பு மலம், குளிர்ந்த கைகால், மிகுந்த சோர்வு, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், மறுநாள் பரிசோதனை வரை காத்திராமல் 108ஐ அழைத்து, உள்நோயாளியாகச் சேர்க்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள். காய்ச்சல் தொடங்கிய தேதி எழுதிய தாளையும் பழைய முடிவுகளையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.