கேரளத்தின் இறப்பு வீதம் பீகாரைவிட அதிகமா? வயதமைப்பைச் சமன்செய்து கணக்கிடும் முறை

இந்திய அரசின் மாதிரிப் பதிவு முறைக் கணக்குப்படி, 2020இல் ஆயிரம் பேருக்குக் கேரளத்தில் 7.0 பேரும் பீகாரில் 5.4 பேரும் இறந்தனர். அதே ஆண்டில் ஆயிரம் பிறப்புக்குச் சிசு இறப்பு கேரளத்தில் 6, பீகாரில் 27. கேரளத்தில் முதியோரின் பங்கு அதிகம் என்பதாலேயே முதல் ஒப்பீடு தலைகீழாகத் தெரிகிறது. இதைச் சரிசெய்யும் நேரடி முறையை, பயிற்சிக்காக நானே அமைத்த எண்களைக் கொண்டு விளக்குகிறேன்.

தலா ஒரு லட்சம் பேர் வாழும் இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். இளைய ஊரில் 40 வயதுக்குக் கீழ் 70,000 பேர், 40 முதல் 59 வரை 20,000 பேர், அதற்கு மேல் 10,000 பேர்; இறப்புகள் முறையே 140, 160, 450. முதிய ஊரில் 50,000, 30,000, 20,000 பேர். இறப்புகள் 50, 150, 700. மொத்தமாக வகுத்தால் ஆயிரத்துக்கு 7.5, 9.0 என வந்து, முதிய ஊரே மோசம் என்று தோன்றும்.

முதலில் ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் தனி வீதம் காணுங்கள். இளைய ஊருக்கு 2, 8, 45 என்றும், முதிய ஊருக்கு 1, 5, 35 என்றும் வரும். எல்லா வயதிலும் முதிய ஊரில்தான் இறப்பு குறைவு.

அடுத்து, இரண்டு ஊர்களுக்கும் பொதுவான ஒரு திட்ட மக்கள்தொகை வேண்டும். இங்கே மூன்று வயதுப் பிரிவுகளின் பங்கை 60, 25, 15 விழுக்காடு என வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிரிவின் வீதத்தையும் இந்தப் பங்கை எடையாகக் கொண்டு பெருக்கிக் கூட்ட வேண்டும். நான் முதன்முறை தடுமாறிய இடம் இதுதான்: அந்தந்த ஊரின் சொந்த வயதுப் பங்குகளையே எடையாக இட்டுவிட்டு, விடை ஏன் மாறவில்லை என்று வெகுநேரம் விழித்தேன். திருத்தும் முன் கிடைத்த 7.5, 9.0 அப்படியே திரும்பி வந்தால், நீங்களும் அதே பிழையைச் செய்திருக்கிறீர்கள்.

இதற்கெனத் தனி மென்பொருள்கள் உண்டு. ஆயினும் பெருக்கல் கண்முன்னே நிகழும் விரிதாளையே தொடக்கத்தில் பரிந்துரைப்பேன். D நிரலில் வயதுவாரி வீதம், E நிரலில் திட்ட எடை:

```
=SUMPRODUCT(D2:D4,E2:E4)/SUM(E2:E4)
```

இளைய ஊருக்கு 9.95, முதிய ஊருக்கு 7.1 எனக் கிடைக்கும். இவை உண்மையில் நிகழ்ந்த இறப்பின் அளவுகள் அல்ல, ஒப்பிடுவதற்கு மட்டுமே உரியவை. வேறு திட்ட மக்கள்தொகையை எடுத்தால் எண்களும் மாறும். ஆகவே எதைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதிவைப்பது அவசியம். உலக சுகாதார நிறுவனம் 2000–2025 காலத்து உலக வயதமைப்பின் சராசரியைக் கொண்டு வகுத்த திட்டம் பரவலாகக் கையாளப்படுகிறது.

பின்சேர்க்கை: 60க்கு மேற்பட்ட அனைவரையும் ஒரே பிரிவாக வைக்கலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். விளக்கத்துக்குப் போதும், மெய்யான தரவுக்குப் போதாது. ஒரு ஊரின் முதியோரில் 80 கடந்தவர்கள் மிகுந்திருந்தால், அந்தப் பிரிவுக்குள்ளேயே பழைய அநீதி ஒளிந்திருக்கும். 85 வயது வரை ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரியுங்கள். அப்படிப் பிரித்ததில் சில பிரிவுகளில் இரண்டு மூன்று இறப்புகளே தேறினால், ஓர் இறப்பு கூடினாலே விடை ஆட்டம் காணும். அப்போது மாநில அளவிலான வயதுவாரி வீதங்களை ஊரின் மக்கள்தொகைக்குப் பொருத்தி, எதிர்பார்க்கத்தக்க இறப்புகளோடு நிகழ்ந்தவற்றை ஒப்பிடும் மறைமுக முறையே ஏற்றது. ஆனால் அதில் ஒவ்வோர் ஊருக்கும் அதன் சொந்த வயதமைப்பே எடையாவதால், கிடைக்கும் விகிதத்தை மாநிலத்தோடு மட்டுமே ஒப்பிடலாம். வயதமைப்பு வேறுபட்ட இரண்டு ஊர்களின் விகிதங்களை ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது.