அட்வான்டேஜ்: பந்து காலில் இருந்தால் மட்டும் போதாது

கால்பந்து பார்க்கிறவர்கள் அடிக்கடி கோபப்படுகிற இடம் ஒன்று உண்டு. "ஃபவுல்தான், ஆனா பந்து நம்ம ஆள்கிட்டதானே இருக்கு, எதுக்கு விசில்?" தவறு இந்தக் கேள்வியிலேயே ஆரம்பித்துவிடுகிறது. ஆட்ட விதிகளில் 5-ஆம் விதி பந்து யாரிடம் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லவில்லை. ஆட்டத்தைத் தொடரவிட்டால் ஃபவுலுக்கு ஆளான அணிக்கு நன்மை கிடைக்குமா, அதைத்தான் ரெஃப்ரீ பார்க்க வேண்டும். அப்படி விசில் அடிக்காமல் தொடரவிடுவதுதான் அட்வான்டேஜ். சொந்த கோல் பக்கத்தில், சுற்றி மூன்று எதிராளிகள் நிற்க, தடுமாறியபடி பந்தை வைத்திருப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, அவருக்கு ஃப்ரீ கிக் கொடுப்பதே உதவி. அதே ஃபவுல் எதிரணி கோலுக்கு அருகே நடந்து, முன்னால் இடம் திறந்து, கூட ஓட ஆளும் இருந்தால் கதை வேறு. ஃபவுல் எவ்வளவு கடுமையானது, எங்கே நடந்தது, உடனே ஒரு நல்ல தாக்குதல் வருமா, மைதானத்தில் சூடு எப்படி இருக்கிறது, இந்த நான்கையும் ரெஃப்ரீ ஒரே மூச்சில் எடை போடுகிறார்.

இரண்டாவது தவறு அவசரம். புதிதாக விசில் பிடிக்கிறவர்களிடம் இதை நிறையப் பார்க்கலாம், ஃபவுல் நடந்த நொடியிலேயே கையை நீட்டி "ப்ளே ஆன்" என்று கத்திவிடுவார்கள். முதலில் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, பந்து எங்கே போகிறது என்று ஓரிரு நொடி பார்க்க வேண்டும், கை அதற்கு அப்புறம்தான். எதிர்பார்த்த நன்மை அப்போதே அல்லது சில நொடிகளுக்குள் வராவிட்டால், திரும்பி வந்து ஃபவுலைக் கொடுக்க விதி இடம் தருகிறது. "சில நொடிகள்" என்றுதான் இருக்கிறது, இத்தனை என்று எண்ணிக்கை கிடையாது.

2023 டிசம்பர் 3, எத்திஹாட் மைதானம், மான்செஸ்டர் சிட்டியும் டோட்டன்ஹாமும் 3-3. இஞ்சுரி டைமில் டோட்டன்ஹாமின் எமர்சன் ரொயால், சிட்டியின் ஹாலண்டை ஃபவுல் செய்கிறார். ஹாலண்ட் சட்டென்று எழுந்து, டிஃபென்ஸுக்குப் பின்னால் ஓடும் சக வீரர் கிரீலிஷுக்கு நீளமாகப் பந்தை அனுப்புகிறார். ரெஃப்ரீ சைமன் ஹூப்பர் ஆட்டம் தொடரட்டும் என்று கை காட்டுகிறார், காட்டிய பிறகு விசில் அடிக்கிறார். சிட்டி வீரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள், அதற்காகக் கிளப்புக்கு 1,20,000 பவுண்டு அபராதம் வந்தது. அவர்கள் நடந்துகொண்டது சரியில்லை, ஆனால் அவர்களுடைய கோபத்தின் காரணம் எனக்கு நன்றாகவே புரிகிறது. அந்தப் பாஸ் இடையில் வெட்டப்பட்டிருந்தால் திரும்பி வந்து ஃப்ரீ கிக் கொடுப்பது முழுக்கச் சரி. இங்கே நன்மை கண்முன்னே வந்துகொண்டிருக்கும்போது ஆட்டம் நின்றது. விசில் அடித்துவிட்டால் பந்து செத்துவிட்டது, வீடியோ பார்த்துச் சரிபார்க்கும் விஏஆர் நினைத்தாலும் கிரீலிஷை அதே ஓட்டத்தில் மறுபடி விட முடியாது.

இதே காட்சியைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். விசில் இல்லை, கிரீலிஷ் தனியாகப் போய் வெளியே அடித்துவிட்டார். இப்போது ஃப்ரீ கிக் கேட்டால் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது, ஏனென்றால் நன்மை வந்தது, அதை அவர் வீணடித்தார். வாய்ப்பு கிடைக்காமல் போவதும் கிடைத்த வாய்ப்பைத் தவறவிடுவதும் வேறு வேறு. பெனால்டி பாக்ஸுக்குள் ரெஃப்ரீகள் அட்வான்டேஜ் தரத் தயங்குவதும் இதனால்தான்: பெனால்டி நான்கில் மூன்று முறை போல கோலாகிவிடும், அதை விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் எதிரே கிட்டத்தட்ட காலி வலை இருக்க வேண்டும்.

அட்டை விஷயத்திலும் குழப்பம் உண்டு. ஆட்டம் தொடர்ந்ததால் தண்டனை தானாகக் காணாமல் போவதில்லை. முரட்டுத்தனமான ஃபவுலுக்கான மஞ்சள், பந்து அடுத்து வெளியே போனதும் வரும். ஆனால் நல்ல தாக்குதல் ஒன்றைத் தடுத்தார் என்பது மட்டுமே குற்றமாக இருந்து, அட்வான்டேஜும் கொடுத்தாகிவிட்டால், 2020-க்குப் பிறகு அதற்கு மஞ்சள் இல்லை, அந்தத் தாக்குதல்தான் தொடர்ந்துவிட்டதே. தெளிவான கோல் வாய்ப்பைக் கெடுக்கப் பார்த்தவருக்கு, அட்வான்டேஜ் கொடுத்திருந்தால் சிவப்பு மஞ்சளாகக் குறையும்.

வன்முறை, ஆபத்தான டாக்கிள், இரண்டாவது மஞ்சள் ஆகிய மூன்றுக்கும் பொதுவாக உடனே விசில் அடிக்க வேண்டும், தெளிவான கோல் வாய்ப்பு இருந்தால் மட்டுமே விதிவிலக்கு. வெளியேற வேண்டியவர் அதுவரை மைதானத்துக்குள்தான் இருக்கிறார், பழிவாங்கக் காத்திருப்பவர்களும் அங்கேதான். அப்படித் தொடரவிட்ட பிறகு அவரே பந்தை ஆடினாலோ எதிராளியைத் தடுத்தாலோ, ரெஃப்ரீ ஆட்டத்தை நிறுத்தி, சிவப்பைக் காட்டி, இன்டைரக்ட் ஃப்ரீ கிக்கில் மறுபடி தொடங்குவார். அவர் புதிதாக அதைவிடப் பெரிய குற்றம் ஏதாவது செய்திருந்தால் மட்டும் தொடக்கம் அதற்கேற்ப மாறும்.