வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டில் வெட்டுப்படாத எண்

பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகைக்கு அறை தேடும் ஒருவர், பணம் கட்டிய ரசீதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அடியில் இருக்கும் கைப்பேசி எண்ணை வெட்டிவிட்டு அனுப்புகிறார். படத்தில் எண் இல்லை. கோப்புக்குள் இருக்கலாம்.

கூகுள் பிக்சல் கைப்பேசியின் மார்க்அப், விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூல் ஆகிய படம் வெட்டும் செயலிகளில் 2023 மார்ச்சில் இந்தக் குறை அம்பலமானது. வெட்டிய சிறிய படத்தைப் பழைய கோப்பின் மேலேயே எழுதிய செயலி, மிஞ்சிய பழைய வாலை நறுக்கவில்லை. பிஎன்ஜி படம் மேலிருந்து கீழாகப் பதிவாவதால், அந்த வாலில் இருப்பது அடிப்பகுதிதான். ரசீதில் எண் இருப்பதும் அங்கேதானே!

கண்டுபிடிப்பது எளிது. 900 கேபி படத்தைக் கால்வாசியாக வெட்டியும் கோப்பு அதே 900 கேபி காட்டினால் சந்தேகப்படுங்கள்.

இரண்டு செயலிகளுக்கும் அப்டேட் வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன் வெட்டி அனுப்பிய படங்களை அது சரிசெய்யாது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது புதிதாகச் சுருக்கப்படும், வால் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். பழைய படத்தைத் திரும்ப அனுப்ப வேண்டுமா? திரையில் திறந்து, அதையே இன்னொரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள்.