“பார்த்தேன்” என்பது நோயின் பெயராகாமல் பதில் எழுதுவது எப்படி?

நான் திருகோணமலையில் தாதியாக வேலை செய்பவள். நிலாவெளியில் கடற்றொழில் செய்யும் சித்தியின் மகன், முழங்கைக்குக் கீழே வெளிறிய திட்டு ஒன்றைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, “அக்கா, இது தேமல்தானே?” என்று கேட்டிருந்தான். படம் கிடைத்தது என்று தெரிவிப்பதற்காக நான் கட்டைவிரல் குறி ஒன்றைப் போட்டேன். அவனோ அதை “ஆம், தேமல்தான்” என்று எடுத்துக்கொண்டு, நான்கு மாதங்களாகக் களிம்பு பூசியிருக்கிறான். அந்தத் தவறிலிருந்து நான் பழகிக்கொண்ட முறை இது.

முதலில், கேள்வியும் படமும் சேர்ந்து வந்தால் குறியோ “சரி”யோ போடாதீர்கள். அவை கேள்விக்கான பதிலாகிவிடும். இப்படி எழுதலாம்: “படம் கிடைத்தது. வெளிறிய திட்டு ஒன்று தெரிகிறது. என்ன நோய் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.”

இரண்டாவதாக, படத்தில் இல்லாததைக் கேளுங்கள். எப்போது வந்தது, அரிக்கிறதா, சுரண்டினால் தவிடு போல உதிர்கிறதா, அந்த இடத்தில் தொட்டால் தெரிகிறதா? தேமல் பெரும்பாலும் நெஞ்சிலும் முதுகிலும் கழுத்திலும் வரும். அதில் உணர்ச்சி குறையாது. தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி குறைவதுண்டு. கமராவால் நிறத்தைக் காட்ட முடியும் (அதையும் வெளிச்சத்துக்கேற்ப மாற்றித்தான் காட்டும்). உணர்ச்சியைக் காட்ட முடியாது.

மூன்றாவதாக, தோல் நோய்ச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புங்கள். தம்பியை நான் அழைத்துப் போனபோது, வைத்தியர் பஞ்சை நுனி கூராகத் திரித்து, முதலில் அவன் பார்த்திருக்க நல்ல தோலில் தொட்டுக் காட்டினார். பிறகு கண்களை மூடச் சொல்லி, தொடும் இடத்தை விரலால் சுட்டும்படி கேட்டார். இரண்டு இடங்களைச் சரியாகச் சுட்டியவன், சற்றுப் பொறுத்து, “எப்ப தொடப் போறீங்கள், டொக்டர்?” என்றான். பஞ்சு அப்போது திட்டின் மேல்தான் இருந்தது.

தொழுநோயில் ஒன்று முதல் ஐந்து வரையான திட்டுகளுக்கு வழக்கமாக ஆறு மாதம் மாத்திரை போதும்; அரசாங்க வைத்தியசாலையில் அது இலவசம். தாமதித்தால் நரம்பு பாதிக்கப்படலாம். ஆனால் வீட்டில் பஞ்சால் தொட்டுப் பார்த்து, உணர்ச்சி இருக்கிறதென்று ஆறுதலடையவும் வேண்டாம். ஆரம்ப நிலையிலும் முகத்தில் வரும் திட்டிலும் உணர்ச்சி குறையாமல் இருக்கலாம்.

எக்ஸ்ரே படத்துக்கும் இதே முறைதான். கையை ஊன்றி விழுந்தவரின் மணிக்கட்டில், பெருவிரல் பக்கத்துச் சிறிய எலும்பில் ஏற்படும் வெடிப்பு முதல் நாள் படத்தில் தெரியாமல் போகலாம். அதனால்தான் சந்தேகம் இருந்தால் கையை அசையாமல் கட்டி, 10 முதல் 14 நாட்களில் மறுபடி படமெடுப்பார்கள். எக்ஸ்ரே படத்தை ஜன்னலில் பிடித்து எடுத்த புகைப்படத்துக்கு “ஒன்றும் தெரியவில்லை” என்று பதில் போட்டால், அது “ஒன்றும் இல்லை” என்றே வாசிக்கப்பட்டு, கட்டு அவிழ்ந்துவிடும். பெருவிரலின் அடிக்குழியை அழுத்தினால் வலிக்கிறதா என்று கேளுங்கள். வலித்தால், கட்டை அவிழ்க்காமல் வைத்தியரிடம் திரும்பிப் போகச் சொல்லுங்கள்.